ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் பேப்பர்ல மிஸ் எழுதின சிவப்பு மையை ரிவிஷன் லிஸ்ட்டா மாத்துறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா, ஹாஃப் இயர்லி பேப்பர் கைக்கு வந்துடுச்சு. 70க்கு 43. பூராவும் சிவப்பு மை. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

கோத்தகிரியில என்கிட்ட டியூஷன் வர்ற ஒரு பொண்ணும் இதே 43 தான் வாங்கியிருந்தா, அவ பேப்பரையே வச்சு சொல்றேன், அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். முதல்ல கமெண்ட்டை படிக்காதீங்க. அது மனசைத்தான் கெடுக்கும். முதல் வேலை கணக்குப் பிள்ளை வேலை, போன 27 மார்க்கும் எந்தெந்த கேள்வியில எவ்வளவு எவ்வளவா போச்சுன்னு ஒரு பழைய நோட்டுல எழுதணும், அரை மார்க் கூட விடாம. அவ பேப்பர்ல ஒன் மார்க் பதினஞ்சுல 5 போச்சு, டூ மார்க் பகுதியில 4, த்ரீ மார்க்ல 7, ஃபைவ் மார்க்ல 11. கூட்டினா 27 வரணும். வரலைன்னா நீங்க எங்கயோ அரை மார்க்கை விட்டுட்டீங்க, இல்ல மிஸ் கூட்டினதுல தப்பு, ரெண்டுமே நடக்குற விஷயம்தான்.

அப்புறம் ஒவ்வொரு வரியிலயும் நாலு விஷயம் மட்டும்: கேள்வி நம்பர், போன மார்க், மிஸ் எழுதினது அப்படியே, நாலாவதா "நான் அங்க என்ன பண்ணினேன்". இந்த நாலாவதுதான் உங்க சொந்த வேலை, மத்த மூணும் பேப்பர்லயே இருக்கு. அவ நோட்டுல இருந்து மூணு வரி:

34 – போனது 2 – "r>>a?" – நடுவுல நிறுத்திட்டு கடைசி ஃபார்முலாவை எழுதிட்டேன்
27 – போனது 1½ – "ஆரோஸ்" – கதிர் படம் போட்டேன், அம்புக்குறி போடல
31 – போனது 2 – "கேட்டது இது இல்ல" – பண்புகள் கேட்டாங்க, பயன்கள் எழுதிட்டேன்

நாலாவது இடத்துல "கவனக்குறைவு"ன்னு மட்டும் எழுதாதீங்க. எல்லா தப்பையும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள அடைச்சிடலாம், அடைச்சதுக்கு அப்புறம் அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. கை என்ன பண்ணுச்சோ அதை எழுதுங்க.

அஞ்சு இடத்துல "யூனிட்?"னு எழுதியிருக்காங்க. அப்ப யூனிட்தான் என்னோட பெரிய வீக்னெஸ், இல்லையா?

அவளும் முதல் நாள் இதையேதான் சொன்னா. பேப்பர்ல மொத்தம் பதினஞ்சு கமெண்ட், அதுல அஞ்சு யூனிட், மூணு ஸ்டெப்ஸ் சம்பந்தமா, மூணு படம், ரெண்டு "கேட்டது இது இல்ல", ரெண்டு கால்குலேஷன். எண்ணிப் பார்த்தா யூனிட்தான் ஜெயிக்குது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் போனது அரை மார்க், அஞ்சுக்கும் சேர்த்து ரெண்டரை. ஸ்டெப்ஸ் கமெண்ட் மூணே மூணு, ஆனா போனது 6.

பேப்பர் திருத்துறவங்களுக்கு யூனிட் இல்லைன்னு எழுத ஒரு செகண்ட் போதும், அதனால ஒவ்வொரு இடத்துலயும் எழுதிடுவாங்க. உங்களுக்கு அந்த கான்செப்ட்டே பிடிபடலைன்னு எழுத ஒரு பத்தி வேணும், நாப்பது பேப்பர் கட்டு முன்னாடி இருக்கும்போது யார் எழுதுவாங்க, ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பிடுவாங்க. அதனால கமெண்ட்டை எண்ணி வரிசைப்படுத்தாதீங்க, மார்க்கை வச்சு வரிசைப்படுத்துங்க. தேயிலை எடை போடுற இடத்துல எத்தனை மூட்டைன்னா கேக்குறாங்க, எத்தனை கிலோன்னுதானே கேக்குறாங்க.

முதல் சுத்துல அவளுக்கு வந்த கணக்கு: ஸ்டெப்ஸ் 6, ஒன் மார்க் 5, படம் 4, எழுதாம விட்டது 4, கேள்வியை தப்பா படிச்சது 3, யூனிட் 2½, கால்குலேஷன் 2½. இந்த வரிசையும் நிக்கல, எப்படி மாறுச்சுன்னு கீழ வருது.

ஒவ்வொரு கேள்விக்கும் மிஸ் வேற வேற எழுதியிருக்காங்க. இதுல "திரும்பத் திரும்ப வர்ற தப்பு"ன்னு ஒண்ணை எப்படி கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்துல நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும்னா இதைத்தான் சொல்லுவேன். கமெண்ட்டோட வார்த்தை ஒத்துப் போகுதான்னு பாக்காதீங்க, அந்த இடத்துல உங்க கை என்ன பண்ணுச்சுங்கிறது ஒத்துப் போகுதான்னு பாருங்க.

அவ பேப்பர்ல மூணு கேள்வி. 34ல மின் இருமுனையோட அச்சுக்கோட்டுல மின்புலம். ரெண்டு மின்னூட்டத்தால வர்ற புலத்தையும் எழுதி, கழிச்சு, `(1/4πε₀) · 4qar/(r² − a²)²`ங்கிற இடம் வரைக்கும் சரியா வந்துட்டா. அங்க இருந்து r ரொம்ப பெருசு, a அதுக்கு முன்னாடி சின்னது, அதனால கீழ இருக்குற a²ஐ விட்டுடலாம், அப்ப `(1/4πε₀) · 4qa/r³` வரும், `p = 2qa`ன்னு போட்டா `(1/4πε₀) · 2p/r³`, அதோட திசை p இருக்குற திசைன்னு எழுதணும். இதெல்லாம் இல்லாம நேரா கடைசி வரியை எழுதிட்டா. மிஸ் எழுதினது "r>>a?".

36ல லென்ஸ் மேக்கர் ஃபார்முலா. முதல் பரப்புல நடக்குற ஒளிவிலகலை எழுதிட்டா, ரெண்டாவது பரப்பை தொடவே இல்ல, அடுத்த வரியிலயே முழு ஃபார்முலாவும் வந்து குதிச்சிடுச்சு. மிஸ் எழுதினது "செகண்ட் சர்ஃபேஸ்?". போனது 3.

28 த்ரீ மார்க், அரை ஆயுட்காலம். `N = N₀e^(−λt)` எழுதிட்டு நேரா `T½ = 0.6931/λ`. நடுவுல N க்கு பதிலா `N₀/2` போடணும், `e^(λT) = 2` வரணும், ரெண்டு பக்கமும் மடக்கை எடுக்கணும், ஒண்ணும் இல்ல. மிஸ் எழுதினது "ஸ்டெப்ஸ்". போனது 1.

மூணு பாடம் வேற, மூணு கமெண்ட்டும் வேற. எலக்ட்ரோஸ்டாடிக்ஸ் வீக், ஆப்டிக்ஸ் வீக், நியூக்ளியர் வீக்னு எழுதினா மூணு பாடத்தையும் முதல்ல இருந்து படிக்க உட்கார்ந்திருப்பா. ஆனா மூணுலயும் கை பண்ணினது ஒண்ணேதான்: ஆரம்பமும் முடிவும் மனப்பாடம், நடு வரி கிடையாது. இதுக்கு பாடத்தை திரும்பப் படிக்கிறது மருந்தே இல்ல, ஏன்னா படிக்கும்போது நடு வரி கண்ணுக்கு முன்னாடிதானே இருக்கு, எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும்.

நோட்டுல பேர் வைக்கும்போதும் பாடத்தோட பேரை வைக்காதீங்க. "டெரிவேஷன்ல நடு வரியை தாண்டிடுறேன் – 34, 36, 28 – மொத்தம் 6 மார்க்"னு எழுதுங்க. கேள்வி நம்பர் கூடவே இருக்கணும், பத்து நாள் கழிச்சு இது எதைப் பத்தின்னு நீங்களே மறந்துடுவீங்க.

ஒரே கமெண்ட் அஞ்சு தடவை வந்திருந்தா அது ஒரே தப்புதானே?

இல்ல, இது மேல சொன்னதுக்கு நேர் தலைகீழ். அந்த அஞ்சு "யூனிட்?"டையும் எடுத்துக்கிட்டு, பேப்பரை மூடி வச்சு, அவகிட்ட வாயால கேட்டேன். 20ல காந்தப் பாயத்துக்கு யூனிட் என்னன்னா டக்குனு வெபர்ங்கிறா. 29ல மின்தடை, ஓம். 37லயும் சொல்லிட்டா. இந்த மூணும் தெரிஞ்சு எழுதாம விட்டது, ஒன்றரை மார்க்.

மத்த ரெண்டும் அப்படி இல்ல. 24 கட்டாயக் கேள்வி, 100 வோல்ட்ல முடுக்கின எலக்ட்ரானோட டி பிராய் அலைநீளம். `λ = 12.27/√V` Å. அவ வர்க்கமூலத்தை விட்டுட்டு 12.27ஐ 100 ஆல வகுத்து 0.1227னு எழுதியிருந்தா, யூனிட் இல்ல. சரியான விடை 1.227 Å. யூனிட் என்னன்னு கேட்டா "மீட்டரா, இல்ல நானோமீட்டரா?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறா. அந்த 12.27ங்கிற எண் ஆங்ஸ்ட்ராம்லதான் விடை தரும்னே அவளுக்கு தெரியாது.

33ம் கட்டாயக் கேள்வி. 5 செ.மீ. பக்கம் உள்ள சதுரத் தட்டு ரெண்டு, நடுவுல 1 மி.மீ. இடைவெளி, மின்தேக்குத் திறன் கேட்டிருக்காங்க. பரப்பு 25 செ.மீ.², அதை மீட்டருக்கு மாத்தினா `25 × 10⁻⁴`. அவ `10⁻²`னு போட்டுட்டா, சென்டின்னாலே பத்தின் அடுக்கு மைனஸ் ரெண்டுன்னு பழகிப் போனது, பரப்பா இருந்தா அந்த ரெண்டும் இரட்டிக்கும்ங்கிறது தோணல. 22 பிகோஃபாரட் வர வேண்டிய இடத்துல அதைப் போல நூறு மடங்கு வந்துடுச்சு, வந்த நம்பர் மேல நம்பிக்கை இல்லாததால யூனிட்டையும் எழுதல.

இந்த ரெண்டு "யூனிட்?"டும் மறதி இல்ல. அலகு மாத்துறதும் கணக்கு போடுறதும் தகராறு, அதோட வால்தான் யூனிட் இல்லாம போனது. அந்த ஒரு மார்க்கை யூனிட்ல இருந்து எடுத்து கால்குலேஷன் கணக்குல சேர்த்தோம், 2½ இப்ப 3½ ஆச்சு. கட்டாயக் கேள்வி ரெண்டுக்கும் சேர்த்து 5 மார்க், அதுலயே மூணரை போச்சுங்கிறதும் அப்பத்தான் தெரிஞ்சுது. மத்த கேள்வியில ப்ராப்ளம் வந்தா சாய்ஸ்ல விட்டுட்டு போயிடலாம், 24லயும் 33லயும் சாய்ஸ் கிடையாது, அதனால அவ இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்தது அந்த ரெண்டு இடத்துல மட்டும் வெளிய தெரியுது.

ஒன் மார்க்ல வெறும் பெருக்கல் குறிதான் இருக்கு, கமெண்ட்டே இல்ல. அதை லிஸ்ட்ல எப்படி சேர்க்கிறது?

கமெண்ட் இல்லாத இடத்துலதான் நிறைய மார்க் போகும், சிவப்பு மையை மட்டும் பாக்குறவங்க அதை பாக்கவே மாட்டாங்க. தப்பான அஞ்சையும் புக் திறந்து வச்சு ஒண்ணொண்ணா போடச் சொன்னேன். ரெண்டு புக் பேக்ல அப்படியே இருக்கு, மனப்பாடம் விட்டுப் போனது. மீதி மூணுக்கும் சின்ன கணக்கு போட்டாத்தான் விடை வரும். அவ விடைத்தாள்ல எங்கயும் ரஃப் ஒர்க் கிடையாது, அதாவது கணக்கே போடல, குத்துமதிப்பா டிக் அடிச்சிருக்கா.

அந்த 3 மார்க்கும் கால்குலேஷனுக்கு போச்சு. இப்ப கால்குலேஷன் 6½. டெரிவேஷன் 6. முதல் சுத்துல கடைசியில யூனிட்டோட சேர்ந்து நின்னது இப்ப தலையில வந்து உட்கார்ந்துடுச்சு. யூனிட் மறதி 1½க்கு இறங்கிடுச்சு, மனப்பாட ஒன் மார்க் 2. படம் 4, விட்டது 4, தப்பா படிச்சது 3. எல்லாத்தையும் திரும்பக் கூட்டினா அதே 27 வரணும், அதையும் பார்த்துக்குங்க, இங்கருந்து அங்க மாத்தும்போது ஒரே மார்க்கை ரெண்டு இடத்துல எழுதிடுவோம்.

கடைசி ஃபைவ் மார்க் பாதியில நிக்குது. டைம் பத்தலையா, தெரியலையான்னு எனக்கே சொல்லத் தெரியல.

பரீட்சை முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு ஞாபகத்தை நம்பாதீங்க, எல்லாரும் "டைம் பத்தல"ன்னுதான் சொல்லுவாங்க, அது கௌரவமான காரணம். அதே கேள்வியை புக்கை மூடி வச்சு, 14 நிமிஷம் அலாரம் வச்சு இப்ப எழுதுங்க. திரும்பப் படிச்சுட்டு எழுதுறது ஆட்டத்துல சேத்தி இல்ல. அவ 38ஐ அப்படி எழுதி 5க்கு 4 வர்ற மாதிரி எழுதிட்டா, அப்ப டைம்தான்.

டைம் எங்க போச்சுன்னு பேப்பரே சொல்லும். டூ மார்க் ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் எழுதியிருந்தா, ரெண்டு வரி போதும்ங்கிற இடத்துல. ஒன் மார்க்குக்கு 15 நிமிஷம், டூ மார்க் ஆறுக்கும் 25, த்ரீ மார்க் ஆறுக்கும் 50, ஃபைவ் மார்க் அஞ்சுக்கும் 70, மொத்தம் 160, மூணு மணி நேரத்துல 20 கையில நிக்கும். அவளுக்கு டூ மார்க்லயே முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

எழுத முடியாம போயிருந்தா அது டைம் இல்ல, அந்த கேள்வி பாட லிஸ்ட்டுக்கு போகணும்.

எத்தனை தடவை வந்தா "திரும்பத் திரும்ப வருது"ன்னு சொல்லலாம்?

ஒரே பேப்பர்ல ரெண்டு வேற பாடத்துல வந்தா பென்சில்ல எழுதுங்க, ரெண்டு பேப்பர்ல வந்தா பேனாவுல. குவார்ட்டர்லி பேப்பரை தேடி எடுங்க. அவ வீட்டுல அது அரிசி டப்பாவுக்கு கீழ விரிச்சிருந்தது, நல்லவேளை சாரல்ல நனையல. அதுல நடு வரி தாண்டினது ரெண்டு இடம், அலகு மாத்துற தப்பு ரெண்டு இடம். படமும் ஒரு இடம். கேள்வியை தப்பா படிச்சது ஒண்ணு கூட இல்ல. அதனால அந்த 3 மார்க்கை நாங்க டார்கெட் ஆக்கல. ஒரு தடவை சறுக்கினதுக்கெல்லாம் திட்டம் போட்டா உண்மையான திட்டத்துக்கு நேரம் இருக்காது.

"ஃபிசிக்ஸ் நல்லா படிக்கணும், கவனமா எழுதணும்"னு டார்கெட் எழுதி சுவத்துல ஒட்டிட்டேன். சரிதானே அக்கா?

ஒட்டினதை எடுத்துடுங்க. ஒரு டார்கெட் முடிஞ்சுதா இல்லையான்னு உங்க அம்மாவோ பக்கத்து வீட்டு தம்பியோ நோட்டை பார்த்தே சொல்ல முடியணும், அப்படி இல்லைன்னா அது டார்கெட் இல்ல, ஆசை.

அவளுக்கு ரெண்டுதான் எழுதினோம், மூணாவதா ஒண்ணை அவ அடம் பிடிச்சு சேர்த்தா.

கால்குலேஷனுக்கு: ஒரு நாளைக்கு ரெண்டு ப்ராப்ளம், வாரத்துல அஞ்சு நாள், மூணு வாரம், மொத்தம் 30. ஃபார்முலா எழுதுறதுக்கு முன்னாடியே கொடுத்த அளவு எல்லாத்தையும் மீட்டர், கிலோகிராம், செகண்டுக்கு மாத்தி தனி வரியா எழுதணும், செ.மீ.² மாதிரி வந்தா அடுக்கை இரட்டிச்சதையும் அங்கயே காட்டணும். அந்த வரி இல்லாத ப்ராப்ளம் விடை சரியா இருந்தாலும் எண்ணிக்கையில சேராது. இந்த கடைசி விதிதான் முக்கியம், இல்லைன்னா ஈஸி ப்ராப்ளமா பொறுக்கி 30ஐ முடிச்சிடுவாங்க, நானும் படிக்கும்போது அதைத்தான் பண்ணினேன்.

டெரிவேஷனுக்கு: பத்து டெரிவேஷன். ஒவ்வொண்ணுக்கும் முதல் வரியும் கடைசி வரியும் நான் எழுதிக் கொடுத்துடுவேன், அவ நடுவுல இருக்குறதை மட்டும் புக்கை பாக்காம எழுதணும். மூணு நாள் கழிச்சு அதையே திரும்ப. ரெண்டாவது தடவை எந்த வரியும் விட்டுப் போகலைன்னா அது முடிஞ்சுது. வழக்கமா பசங்க டெரிவேஷனை மேல இருந்து கீழ எழுதிப் பார்ப்பாங்க, தெரிஞ்ச பகுதியையே பாதி நேரம் எழுதிட்டு இருப்பாங்க. தெரியாத இடம் நடுவுலன்னு பேப்பர் சொல்லிடுச்சே, அங்கயே போய் நிக்கலாம்.

மூணாவது அவ எழுதினது: "படம் ஒழுங்கா போடணும்". வேணாம்னேன், கேக்கல.

தேதியும் போடுங்க. முதல் ரிவிஷன் டெஸ்ட் ஜனவரியில, நடுவுல ஹாஃப் இயர்லி லீவு, ஹெத்தை அம்மன் திருவிழா, அந்த நாள்ல எல்லாம் எங்க ஊர்ப்பக்கம் புக்கை தொட மாட்டாங்க, தொடுவோம்னு திட்டத்துல எழுதி ஏமாத்திக்காதீங்க. விடியக்காலை எழுந்து படிப்பேன்னு எழுதுறவங்க டிசம்பர் குளிரை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க, பேனா பிடிக்கவே விரல் மடங்காது. சாயங்காலம் அடுப்பு பக்கத்துல ரெண்டு ப்ராப்ளம், அதுதான் நடக்கும்.

மிஸ் கையெழுத்து புரியல. போய் கேட்டா ரீ-டோட்டலிங் சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைப்பாங்களோ?

"ஏன் மிஸ் மார்க் குறைச்சீங்க"ன்னு கேட்டா நினைப்பாங்க. "மிஸ், இந்த 35ல முழு மார்க் வாங்க இன்னும் எது எழுதியிருக்கணும்"னு அந்த பக்கத்தை திறந்து காட்டி கேளுங்க. மூணு கேள்விக்கு மேல ஒரே நாள்ல கொண்டு போகாதீங்க. பதினஞ்சு கமெண்ட்டையும் கேட்டா அவங்களுக்கும் அலுப்பு. நீங்க முதல்ல நோட்டுல எழுதி, நாலாவது இடம் காலியா நிக்கிற வரிகளை மட்டும் கேளுங்க. அவளுக்கு அப்படி நின்னது ரெண்டே ரெண்டுதான்.

எனக்கு இங்கிலீஷும் தெரியாது, ஃபிசிக்ஸும் தெரியாதுங்க. காலையில எஸ்டேட்டுக்கு போனா பொழுது சாய்ஞ்சுதான் வர்றேன். பொண்ணுக்கு இதுல நான் என்ன பண்ண முடியும்?

நிறைய பண்ணலாம்ங்க. அந்த நோட்டை எடுத்து ஒரு வரியை காட்டி "இந்த இடத்துல நீ என்னம்மா பண்ணின"ன்னு மட்டும் கேளுங்க. அவ நாலு வார்த்தையில சொல்லிட்டா அவளுக்கு காரணம் தெரியுது. "அது வந்து... சும்மா தப்பாயிடுச்சு"ன்னா இன்னும் கண்டுபிடிக்கல, அந்த வரியில ஒரு புள்ளி வச்சுட்டு விட்டுடுங்க, திட்ட வேணாம். இன்னொண்ணு, அந்த 30 ப்ராப்ளம்ல ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு தனி வரி இருக்கணும்னு சொன்னேனே, அது இருக்கா இல்லையான்னு பாக்க ஃபிசிக்ஸ் தெரியணும்னு இல்ல. முத்தின இலை எதுன்னு பார்த்தவுடனே தனியா எடுத்துப் போடுற கைக்கு இது ஒண்ணும் பெரிசு இல்லைங்க.

மார்க் எவ்வளவுன்னு முதல் கேள்வியா கேக்காதீங்க, பேப்பரை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சிடுவாங்க.

எங்க ஸ்கூல்ல பேப்பரை காட்டிட்டு திரும்ப வாங்கிடுறாங்க. ஒரு பீரியட் தான் டைம்.

அப்ப மேல சொன்ன நாலுல முதல் மூணை மட்டும் அந்த பீரியட்லயே எழுதிடுங்க, கேள்வி நம்பர், போன மார்க், கமெண்ட். 27 மார்க்குக்கு இருபது வரிக்குள்ள வரும், பதினஞ்சு நிமிஷ வேலை. பக்கத்துல இருக்குறவன் எவ்வளவுன்னு எட்டிப் பாக்காம இருந்தா முடிஞ்சிடும். மீதி நேரத்துல ஃபைவ் மார்க்ல எந்த வரியில நிறுத்தினீங்கன்னு அந்த வரியை மட்டும் காப்பி பண்ணிக்குங்க, நாலாவது இடத்தை வீட்டுல நிரப்ப அது வேணும். கொஸ்டின் பேப்பர் உங்ககிட்டதான் இருக்கும், அதை தொலைக்காதீங்க.

வேலை செஞ்சுதான்னு எப்படி தெரியும்? மொத்த மார்க் ஏறினா போதுமா?

மொத்த மார்க்கை நம்ப முடியாது, பேப்பர் ஈஸியா வந்தாலும் ஏறும், கஷ்டமா வந்தா நீங்க சரி பண்ணியிருந்தும் இறங்கும். அதே தப்போட பேர்ல இந்த தடவை எவ்வளவு போச்சுன்னு பாருங்க. ஒரு விஷயம் ஜாக்கிரதை, அந்த தப்பு வர வாய்ப்பே இல்லாம போயிருக்கலாம், டெரிவேஷனுக்கு பதிலா சாய்ஸ்ல விளக்கக் கேள்வியா எழுதியிருந்தா ஸ்டெப்ஸ் தப்பு எப்படி வரும், அதனால எத்தனை டெரிவேஷன் எழுதினீங்கங்கிறதையும் பக்கத்துல குறிச்சுக்கணும்.

அவளோட முதல் ரிவிஷன் பேப்பர்ல டெரிவேஷன் மூணு எழுதியிருந்தா, போனது 6ல இருந்து 2. கால்குலேஷன் 6½ல இருந்து 2½, கட்டாயக் கேள்வி ரெண்டுலயும் அளவு மாத்தின வரி தனியா இருந்தது. படம் 4ல இருந்து 3½, அதாவது அப்படியேதான்.

அவ அடம் பிடிச்சு எழுதின டார்கெட் அது, அதனால சிரிச்சுட்டே ரெண்டு பேப்பரோட படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தோம். ஹாஃப் இயர்லியில 22ல லாஜிக் கேட் குறியீட்டையே போடல, 27ல கதிர்ல அம்புக்குறி இல்ல, 35ல ரெக்டிஃபையர் அலைவடிவத்துக்கு அச்சுல பேர் இல்ல. ரிவிஷன்ல 22 மாதிரி விடுறது நின்னு போச்சு, மத்ததெல்லாம் அப்படியே வந்திருக்கு. கோடு எல்லாம் ஸ்கேல் வச்சு அழகா இருக்கு, போட்டு முடிச்சவுடனே பென்சிலை கீழ வச்சுடுறா, படத்து மேல எழுத வேண்டியதை எழுதுறதே இல்ல. இப்ப நோட்டுல அந்த வரியை அடிச்சுட்டு வேற எழுதியிருக்கா: "கதிர் படம்னா ஒவ்வொரு கதிருக்கும் அம்பு, கிராஃப்னா ரெண்டு அச்சுக்கும் பேர், இதை எழுதி முடிக்காம பென்சிலை வைக்கக் கூடாது. தினம் ஒரு படம், பத்து நாள்." ரெண்டாவது ரிவிஷன் பேப்பர் இன்னும் கொடுக்கல.